பழைய ஷீட்டை உடைக்காமல் இறக்குங்கள்!

சென்னை மாத்தூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ''மாடியில் 20க்கு 10 அடியில் ஒரு ஷீட் ரூம். மாமனார் காலத்து ஆஸ்பெஸ்டாஸ் கூரை. வர்தா புயலில் ஓரம் உடைந்தது. இப்போது தொட்டாலே மாவாக உதிர்கிறது. இரண்டு பேர் வந்து, 'சுத்தியால தட்டி ஒரு மணி நேரத்துல இறக்கிடுறோம்' என்கிறார்கள். விடலாமா?''

வேண்டாம், சகோதரி. உடையாத ஷீட் மேலே சும்மா கிடக்கும்போது ஆபத்து குறைவு. சிமென்ட்டோடு கலந்திருக்கும் கல்நார் இழை உடைக்கும்போதும், அறுக்கும்போதும், சுரண்டும்போதும்தான் காற்றில் கிளம்புகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த இழை நுரையீரலில் தங்கிவிடும். புற்றுநோயாக வெளிப்பட 20, 30 வருடங்கள்கூட ஆகலாம். அன்று இருமல்கூட வராததால்தான் பலர் அலட்சியமாக இருக்கிறார்கள். உங்கள் ஷீட் உதிர ஆரம்பித்துவிட்டதால் மாற்றத்தான் வேண்டும். ஆனால், முழுசு முழுசாக இறக்க வேண்டும்.

உங்கள் அறைக்கு 3 மீட்டர் ஷீட் ஏழு இருக்கும். ஒன்று சுமார் 40 கிலோ. அதனால் நான்கு பேர் வேண்டும். கடற்காற்று வீசத் தொடங்கும் முன், காலையிலேயே வேலையை ஆரம்பியுங்கள். அறையைக் காலி செய்துவிட்டு, தரையில் பிளாஸ்டிக் தார்ப்பாய் விரியுங்கள். பக்கத்து வீட்டு ஜன்னல்களை மூடச் சொல்லுங்கள். குழந்தைகள் அன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

பாத்திரம் கழுவும் லிக்விட் கொஞ்சம் கலந்த தண்ணீரை ஷீட்டின் இரு பக்கமும் பூவாளியில் தெளிப்பதுபோல் மெதுவாகத் தெளியுங்கள். பிரஷர் பம்ப் கூடாது. அது இழையைப் பிய்த்து எறியும். ஷீட் மேல் யாரும் ஏறக் கூடாது. பழைய ஷீட் சொல்லாமல் உடையும். இந்த வேலையில் உடனடி ஆபத்தே அதுதான். கீழே சாரம் போட்டு நின்று வேலை செய்யட்டும்.

மணலிப் பக்கத்துக் காற்றில் ஜே போல்ட் துருப்பிடித்து இறுகியிருக்கும். அங்கேதான் ஆட்கள் பொறுமை இழந்து சுத்தியலையோ கிரைண்டரையோ எடுப்பார்கள். போல்ட் கட்டரால் போல்ட்டை மட்டும் வெட்டச் சொல்லுங்கள். கடைசியாகப் போட்ட ஷீட்டை முதலில் எடுத்தால், ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும் ஓரங்கள் உடையாமல் வரும்.

துணி மாஸ்க், சர்ஜிக்கல் மாஸ்க் இரண்டும் இதற்கு உதவாது. 'P100' ஃபில்டர் வைத்த அரைமுக மாஸ்க் வேண்டும். தாடி இருந்தால் அதுவும் முகத்தில் சரியாகப் பதியாது. போட்டிருந்த துணியோடு வீட்டுக்குப் போகக் கூடாது. தூக்கி எறியும் கவர்-ஆல் போட்டுக்கொண்டு, கடைசியில் அதையும் ஷீட்டோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

இறக்கிய ஷீட்டைக் கெட்டி பாலிதீனில் இரண்டு சுற்று சுற்றி, டேப் ஒட்டி, மேலே 'ஆஸ்பெஸ்டாஸ்' என்று எழுதுங்கள். பள்ளம் நிரப்பவோ, ஆட்டுக்கொட்டகைக்கோ கொடுக்காதீர்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அபாயக் கழிவுகளைப் புதைக்கும் இடம் உண்டு. ஆனால், தனி வீட்டுக்காரர் நேராகப் போய் இறக்கிவிட்டு வரும் இடமல்ல அது. அதனால் மாநகராட்சியின் மணலி மண்டல அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். எங்கே ஒப்படைப்பது என்று தெரிந்த பிறகு ஷீட்டில் கை வையுங்கள்.

சரி, புதுக் கூரை? கடையில் 'சிமென்ட் ஷீட்' என்று கேட்டால் மறுபடி ஆஸ்பெஸ்டாஸே வந்து சேரலாம். இந்தியாவில் அதன் விற்பனைக்குத் தடை இல்லை. உங்கள் வீட்டுக்கு என் தேர்வு, அலுமினியம்-துத்தநாகப் பூச்சின் மேல் கலர் அடித்த 0.5 மி.மீ. மெட்டல் ஷீட். உப்புக்காற்றில் சாதா ஜி.ஐ. ஷீட்டைவிட அதிக நாள் தாங்கும். அளவு சொல்லி வெட்டி வாங்குங்கள். வீட்டில் அறுத்தால் அறுத்த ஓரத்திலிருந்துதான் துரு ஏறும்.

இதில் பலர் கவனிக்காத விஷயம் எடை. உங்கள் பழைய கூரை ஏறத்தாழ 300 கிலோ. புதியது 100 கிலோதான் வரும். பழையது தன் கனத்திலேயே உட்கார்ந்திருந்தது. புதியதை, அடுத்த புயல் அடியில் புகுந்து தூக்கப் பார்க்கும். அதனால் குறுக்குப் பைப்புகள் துருப்பிடித்திருந்தால் மாற்றிவிடுங்கள். அவை சுவரோடு நங்கூரம் போல் பிணைந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஷீட்டை ரப்பர் வாஷர் வைத்த ஸ்க்ரூவால் பிடிக்கட்டும். நான்கு ஓரங்களிலும் ஸ்க்ரூவை நெருக்கமாகப் போடச் சொல்லுங்கள்.

மெட்டல் ஷீட்டில் வெயிலும் மழைச் சத்தமும் கூடுதல்தான். அந்த அறையில் யாராவது படுக்கிறார்கள் என்றால், நடுவில் ஃபோம் வைத்த பஃப் பேனல் போடுங்கள். செலவு கூடும், ஆனால் மே மாதத்தில் அதன் அருமை தெரியும்.

அந்தச் சுத்தியல்காரர்களிடம், ''ஒரு மணி நேரம் வேண்டாம், ஒரு நாள் எடுத்துக்கோங்க. முழு நாள் கூலி தர்றேன்'' என்று சொல்லிப் பாருங்கள். அவர்கள் நுரையீரலும் அதில் அடக்கம்.