‘பார்வை’ என்ற அந்த ஒரு வரி



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பைக்கோ ஆட்டோவோ வைத்திருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள். என் தங்கை மகன் விஷயம். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். “ஊர் பெயரும் என் பெயரும் மட்டும் போடாதீங்க மாமா” என்றான். போடவில்லை.

2021-இல் திருவிழா சமயத்தில் அவனுடைய பைக்கை ஒரு நண்பன் இரவல் வாங்கிப் போனான். போன இடத்தில் அடிதடி. நண்பன் மீது வழக்கு. அவன் வந்து இறங்கிய வண்டி என்பதால் பைக்கையும் மகஜர் எழுதிக் கைப்பற்றிவிட்டார்கள். என் மருமகன் அந்த இடத்திலேயே இல்லை. அவன் குற்றவாளியும் இல்லை, சாட்சியும் இல்லை. ஆனால் அவன் விடியற்காலையில் பால் கேன் கட்டிக்கொண்டு போகும் வண்டி, காவல் நிலைய வளாகத்து வேப்பமரத்தடியில் நின்றுவிட்டது. யாரைக் கேட்டாலும் “கேஸ் முடியட்டும், வண்டி வந்துடும்” என்றார்கள். அவனும் வாடகைக்கு ஒரு வண்டி எடுத்து ஓட்டிக்கொண்டு காத்திருந்தான்.

2025 ஜனவரியில் வழக்கு முடிந்தது. நண்பன் விடுதலை. மூன்று வாரம் கழித்துத்தான் இவனுக்கே தெரியும், அதுவும் டீக்கடையில். என்னிடம் வந்து, “மாமா, வண்டியைக் கேட்டு ஒரு மனு எழுதிக் கொடுங்க” என்றான்.

மனு எழுதுவது எனக்குப் பெருமையான வேலை. முப்பது வருடத்துக்கு மேல் விடுநர், பெறுநர், பொருள், பார்வை என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான். பெறுநர், காவல் ஆய்வாளர் அவர்கள். பொருள், வழக்கு முடிந்தமையால் வாகனத்தைத் திரும்ப ஒப்படைக்கக் கோருதல். குற்ற எண், வண்டி எண் எல்லாம் எழுதி, இரண்டு பேரும் நிலையத்துக்குப் போனோம்.

அங்கிருந்த ரைட்டர் மரியாதையாகத்தான் பேசினார். முழுவதும் படித்துவிட்டு, “சார், பார்வைன்னு ஒண்ணு போடுவீங்களே, அதுல என்ன இருக்கு?” என்று கேட்டார். ஒன்றும் இல்லை. “அதுல கோர்ட் ஆர்டர் நம்பர் வரணும் சார். வண்டி எங்க இடத்துல நிக்குது, அவ்வளவுதான். அது கோர்ட் பொருள். ஆர்டர் இல்லாம நான் சாவியைக் கொடுத்தா என் வேலை போயிடும்” என்றார்.

எழுபதை எட்டப் போகிற வயதில் எனக்குப் பாடம் நடந்தது. அவர் சொன்னது முழுக்கச் சரி. ஒரு குற்ற வழக்கில் கைப்பற்றிய பொருளை போலீஸ் நீதிமன்றத்துக்குக் கணக்குக் காட்டிவிடுகிறது. வண்டி பெரிய பொருள் என்பதால் நிலையத்திலேயே நிற்கும். ஆனால் அதை யாரிடம் கொடுப்பது என்று சொல்லும் அதிகாரம் நடுவருக்குத்தான். நாம் போலீஸுக்கு எழுதும் கடிதம் தேவைதான். ஆனால் அது கடைசிக் கடிதம். முதல் கடிதம் நீதிமன்றத்துக்கு.

தெரிந்த வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்தோம். முதல் வேலையாகத் தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்டார். நகல் வந்ததும் கடைசிப் பத்தியைத்தான் படித்தார். வழக்கில் கைப்பற்றிய பொருள்களை என்ன செய்வது என்று அங்கேதான் எழுதியிருக்கும். ஒரு மரக்கட்டையை மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் அழித்துவிடலாம் என்று இருந்தது. பைக்கைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அந்தப் பத்தியில் பெயர் வராத வண்டி, யார் வந்து கேட்கும்வரை நின்றுகொண்டேதான் இருக்கும்.

வழக்கு பழையது என்பதால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 452-ஆம் பிரிவில் மனு. இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அதே விஷயம் 498-ஆம் பிரிவில் இருக்கிறது. விசாரணை முடிந்த பிறகு பொருளை அழிப்பதா, அரசுடைமை ஆக்குவதா, உரிமை உள்ளவரிடம் கொடுப்பதா என்று நீதிமன்றம் முடிவு செய்யும் பிரிவு அது.

இங்கேதான் பிணைப்பத்திரம் வருகிறது. இதை நம்மில் பலர் அபராதம் என்றோ, போலீஸுக்குக் கட்டும் பணம் என்றோ நினைத்துப் பயப்படுகிறோம். இரண்டும் இல்லை. வண்டியைக் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தாலும், பொதுவாக இரண்டு மாதம் அதை நிறைவேற்றக் கூடாது என்கிறது சட்டம். யாராவது மேல்முறையீடு செய்திருந்தால் அது முடியும்வரை கூடாது. ஆனால் அதே பிரிவில் ஒரு விலக்கு உண்டு. “மேல்முறையீட்டிலோ சீராய்விலோ இந்த உத்தரவு மாறினால், வண்டியைத் திரும்ப நீதிமன்றத்தில் ஒப்படைப்பேன்” என்று உரிமையாளர் பத்திரம் எழுதிக் கொடுத்தால், அந்தக் காத்திருப்பு வேண்டியதில்லை. பத்திரத்தில் ஒரு தொகை எழுதுவார்கள். அதை அன்றே கட்ட வேண்டியதில்லை. சொன்ன சொல் தவறினால்தான் அந்தத் தொகை. ஜாமீன்தாரர் வேண்டுமா வேண்டாமா என்பது நடுவர் முடிவு. எங்களுக்கு இருபதாயிரத்துக்குப் பத்திரமும் ஒரு ஜாமீன்தாரரும் கேட்டார்கள். ஜாமீன்தாரர் நான்தான். வீட்டு வரி ரசீதும் ஆதாரும் எடுத்துக்கொண்டு போனேன்.

பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு மறு மாதமே வண்டியை விற்றுவிடாதீர்கள். திரும்பக் கேட்டால் கொடுக்க வேண்டும் என்பதுதான் அதன் முழுப் பொருளும்.

அடுத்தது உரிமை ஆவணம். நாங்கள் சிக்கியதே இங்கேதான். பைக் பழையதாக வாங்கியது. விற்றவர் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். இவன் அவற்றைப் பீரோவில் வைத்துவிட்டு, பெயர் மாற்றாமலே மூன்று வருடம் ஓட்டியிருக்கிறான். வாங்கியவர் முப்பது நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் பார்வையில் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். பணம் கொடுத்தவன், பெட்ரோல் போட்டவன், ஆயுத பூஜைக்கு மாலை போட்டவன் எல்லாம் அப்புறம்தான்.

நல்லவேளை, விற்றவர் உயிரோடு இருந்தார், நல்ல மனிதராகவும் இருந்தார். வண்டியை விற்றுவிட்டேன், இவரிடம் ஒப்படைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று உறுதிமொழிப் பத்திரம் கொடுத்து, ஒரு நாள் வேலையை விட்டு நீதிமன்றத்துக்கும் வந்தார். அவர் வெளிநாடு போயிருந்தாலோ, இறந்திருந்தாலோ எங்கள் அலைச்சல் எத்தனை மடங்காகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பீரோவில் கையெழுத்துப் போட்ட படிவம் வைத்திருக்கும் என் மாணவர்களே, இந்த வாரமே போய்ப் பெயர் மாற்றுங்கள்.

நீதிமன்றம் காவல் நிலையத்திடம் அறிக்கை கேட்டது. வேறு வழக்கில் வண்டி தேவையில்லை, ஆட்சேபணை இல்லை என்று பதில் வந்தது. பத்திரம் ஏற்றுக்கொள்ளப்பட்டு உத்தரவு கைக்கு வந்தது. அன்று இரவு என் பழைய மனுவை எடுத்துத் திருத்தி எழுதினேன். மாறியது இவ்வளவுதான்:

பொருள்: நீதிமன்ற உத்தரவின்படி வாகனத்தை ஒப்படைக்கக் கோருதல்.
பார்வை: 1. காவல் நிலையக் குற்ற எண். 2. நீதிமன்ற வழக்கு எண், தீர்ப்பு நாள். 3. சொத்து மனு எண், உத்தரவு நாள்.
இணைப்பு: உத்தரவின் சான்றிட்ட நகல், ஆர்.சி. அசலும் நகலும், விற்றவரின் உறுதிமொழிப் பத்திர நகல், அடையாள அட்டை.

ரைட்டர் பார்வையைப் படித்தார், சிரித்தார், சாவியை எடுத்தார்.

பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடும் முன் ஒரு வேலை உண்டு. வண்டியில் பொறித்திருக்கும் சேஸிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் ஆர்.சி.யோடும் மகஜரோடும் ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். நம்பர் பிளேட் மட்டும் பார்த்தால் போதாது. பிறகு என்ன இல்லை என்று பாருங்கள். எங்கள் வண்டியில் பேட்டரி இல்லை, இடது கண்ணாடி இல்லை, இரண்டு டயரும் வெடித்துப் போயிருந்தன. ரசீதில் அதை எழுதித்தான் கையெழுத்துப் போட்டோம். ரைட்டர் முகம் கொஞ்சம் மாறியது, ஆனால் தடுக்கவில்லை. அங்கேயே நான்கு பக்கமும் போட்டோ எடுத்தோம்.

வண்டியை ஓட்டி வரவில்லை. இன்சூரன்ஸ் முடிந்து வருடங்கள் ஆகியிருந்தன. இன்சூரன்ஸ் இல்லாமல் நிலைய வாசலிலிருந்து கிளப்பினால் அதுவே புது வழக்கு. லோடு ஆட்டோவில் ஏற்றி வந்தோம். மெக்கானிக் ஒன்பதாயிரத்துச் சொச்சம் வாங்கினார். அதைவிட, நான்கு வருடம் வாடகை வண்டிக்கு அவன் கொடுத்த பணத்தில் இரண்டு புது வண்டி வாங்கியிருக்கலாம்.

இப்போது என் கருத்தைச் சொல்கிறேன். “கேஸ் முடியட்டும்” என்ற சொல்தான் அவனைக் கெடுத்தது. வழக்கு நடக்கும்போதே இடைக்காலமாக வண்டியைக் கேட்கும் உரிமை பழைய சட்டத்திலும் இருந்தது. கைப்பற்றிய வண்டிகளை நிலையங்களில் நீண்ட காலம் நிறுத்தி வைப்பதில் பயனில்லை, தகுந்த பத்திரமும் உத்தரவாதமும் வாங்கிக்கொண்டு உடனே விடுவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-இலேயே சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய சட்டம், பொருள் நீதிமன்றத்தின் முன் வந்த பதினான்கு நாளுக்குள் விவரப் பட்டியல் தயாரிக்க வேண்டும், போட்டோவும் தேவைப்பட்டால் வீடியோவும் எடுக்க வேண்டும், அதன்பின் முப்பது நாளுக்குள் அதை என்ன செய்வது என்று உத்தரவிட வேண்டும் என்கிறது. சட்டம் அவன் பக்கம்தான் இருந்தது. அதைச் சொல்ல ஆள்தான் இல்லை.

குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தீர்ப்பின் நகல் கொடுக்கிறார்கள். வண்டிக்காரனுக்கு யாரும் எதுவும் கொடுப்பதில்லை. நான் கேட்பது இரண்டே இரண்டு. வண்டியைக் கைப்பற்றும் அன்றே உரிமையாளருக்கு ஒரு தாள் கொடுங்கள். அதில் குற்ற எண்ணும், எந்த நீதிமன்றத்தில் மனுப் போடலாம் என்பதும் இருந்தால் போதும். தீர்ப்பின் கடைசிப் பத்தியில் கட்டையை எழுதும்போது வண்டியையும் எழுதுங்கள். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், பேனா போதும்.

ஒரு எச்சரிக்கை. மதுவிலக்கு, கஞ்சா, மணல் கடத்தல் வழக்குகளில் வண்டியைப் பறிமுதல் செய்யத் தனிச் சட்டங்கள் உண்டு. அங்கே நான் சொன்ன வழி அப்படியே பொருந்தாது. வழக்கறிஞரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

நேற்று விடியற்காலை வாசலில் ஹாரன் சத்தம். பால் கேனோடு அதே பைக். “மாமா, அடுத்த வாரம் ஆர்.டி.ஓ. ஆபீஸ் போறேன், பேர் மாத்த” என்றான். அடுத்த வாரம் இல்லைடா, நாளைக்கே போ என்றேன். போயிருக்கிறானா என்று இன்று மாலை கேட்பேன்.

அன்புடன், உங்கள் வாத்தியார்.