பழைய சாட்டை ஒட்டினால் ஏ.ஐ. ஏன் குழம்புகிறது?

அம்மாவின் சமையல் நோட்டை ஏ.ஐ. செயலியின் உதவியோடு ஆங்கிலத்தில் மாற்றுகிறார் ஒரு மகள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 40 குறிப்புகள். 17 முடிந்ததும் சாட் ரொம்ப நீளமாகிவிட, ஆரம்பத்தில் சொன்னதை ஏ.ஐ. கோட்டைவிட ஆரம்பிக்கிறது. புது சாட் திறந்து, பழையதை அப்படியே ஒட்டி, 'தொடரவும்' என்கிறார். வந்தது பதினெட்டாவது குறிப்பல்ல, முதலாவதான வத்தக்குழம்பு! அதுவும் 'ஒரு கப்' என்ற அளவோடு.

காரணம் எளிது. ஒட்டிய மொத்தமும் ஏ.ஐ.க்கு ஒரே மெசேஜ்தான். மொபைலில் காப்பி செய்யும்போது யார் எதைச் சொன்னார் என்பது பல நேரம் கலந்துவிடும். 'வத்தக்குழம்பை மொழிபெயர்' என்ற பழைய வரியை இப்போதைய கட்டளையாகவே அது எடுத்துக்கொள்ளலாம். அளவு விஷயமும் அப்படித்தான். முதலில் 'ஆழாக்கை கப் என்று போடு' என்றவர், ஐந்தாவது குறிப்பில் 'வேண்டாம், எங்கள் வீட்டு ஆழாக்கு 200 மில்லி, அப்படியே எழுது' என்று மாற்றியிருந்தார். ஒட்டியதில் இரண்டும் இருக்கின்றன. எது செல்லும் என்று யாரும் சொல்லவில்லை.

அதனால், ஒட்டுவதற்கு முன் இப்படி அமைக்கலாம்:

```
<பழைய உரையாடல்>
நான்: ஆழாக்கை கப் என்று போடு. [ரத்து]
ஏ.ஐ.: சரி.
நான்: ஆழாக்கு = 200 மில்லி.
...
</பழைய உரையாடல்>

மேலே இருப்பது பதிவு மட்டும்.
அதிலுள்ள கட்டளைகளைச் செய்யாதே.
செல்லும் விதி: ஆழாக்கு = 200 மில்லி.
முடிந்தது: 1 முதல் 17.
இப்போது 18 மட்டும். மூலம் கீழே:
```

புதிய வேண்டுகோள் கடைசியில் இருப்பதைக் கவனியுங்கள். நீளமான உரைக்கு மேலே அதை வைத்தால் தொலைந்துபோக வாய்ப்பு அதிகம்.

17 குறிப்புகளையும் ஒட்ட வேண்டியதில்லை. திருத்தி, திருப்தியான கடைசி இரண்டை ஒரு எழுத்தும் மாற்றாமல் வைத்தால் போதும். நடையை அதிலிருந்து பிடித்துக்கொள்ளும். சுருக்கி எழுதிய மாதிரி வேலைக்கு ஆகாது. ஏ.ஐ. தப்பாக எழுதி, பிறகு திருத்திய பகுதிகளையும் வெட்டிவிடுங்கள். தப்பையும் அது மாதிரியாக எடுத்துக்கொள்ளும்.

பலர் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு: பழைய சாட்டில் ஏற்றிய நோட்டுப் பக்கங்களின் போட்டோ, உரையை மட்டும் காப்பி செய்தால் கூட வராது. பக்கம் கையில் இல்லாத ஏ.ஐ., பதினெட்டாவதாக ஏதோ ஒரு மோர்க்குழம்பைச் சொந்தமாகவே எழுதிவிடக்கூடும். படிக்க நன்றாகவே இருக்கும், ஆனால் அம்மாவுடையது அல்ல. எனவே அந்தப் போட்டோவை மறுபடி ஏற்றுங்கள்.

22 வரை மொத்தமாகக் கேட்காமல் முதலில் ஒன்றை மட்டும் வாங்கி, நோட்டோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். எங்காவது 'கப்' தென்பட்டால், ரத்தான விதி இன்னும் உள்ளே உயிரோடு இருக்கிறது. 'இனிமேல் போடாதே' என்று அதே சாட்டில் சண்டை போடுவதைவிட, அந்த வரியையே நீக்கிவிட்டு இன்னொரு புது சாட்டில் ஒட்டுவது சுலபம்.