ஒரு செவ்வாய் போய் ஒரு வெள்ளி வந்த ஒக்டோபர்



எங்களிடம் படித்த பிள்ளை ஒன்று இப்போது நம் பகுதியில் ஒரு கடையில் வேலை செய்கிறான். போன கிழமை அவனை வழியில் கண்டோம். முகம் சரியில்லை. விசாரித்தால், "சேர், முதலாளி ஒக்டோபர்க் கணக்குப் பார்த்தாராம். போன வருஷ ஒக்டோபரை விடக் குறைவாம். வியாபாரம் விழுந்திட்டு, ஒரு ஆளைக் குறைக்கணும் எண்டு சொல்றார்" என்றான். கடைசியாகச் சேர்ந்தவன் அவன்தான்.

அந்தக் கணக்கைப் பற்றித்தான் இந்தப் பதிவு. முதலாளியைக் குறை சொல்ல வரவில்லை. வருமானத்தை எழுதி வைத்து, போன வருஷத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார் என்பதே நல்ல பழக்கம்தான். ஆனால் ஒப்பிட்ட இரண்டு மாதங்களும் சம நீளமா என்று அவர் பார்க்கவில்லை.

விளங்குவதற்காகத் தொகைகளை மாற்றி, முழு எண்களாக எழுதுகிறோம். 2024 ஒக்டோபரில் விற்பனை 27 இலட்சம் ரூபா. 2025 ஒக்டோபரில் 26 இலட்சத்து 52 ஆயிரம். 48 ஆயிரம் குறைவு. பார்த்தவுடன் யாருக்கும் நெஞ்சு இடிக்கும்.

இப்போது கலண்டரை எடுங்கள். இரண்டு மாதமும் 31 நாள்தான். 2024 ஒக்டோபர் செவ்வாயில் தொடங்கியது. வெள்ளிகள் 4, 11, 18, 25 என நான்கு. 2025 ஒக்டோபர் புதனில் தொடங்கியது. வெள்ளிகள் 3, 10, 17, 24, 31 என ஐந்து. இந்தக் கடை வெள்ளிக்கிழமை திறப்பதில்லை. ஆகவே போன வருஷம் 27 நாள் வியாபாரம், இந்த வருஷம் 26 நாள் வியாபாரம். 27 இலட்சத்தை 27ஆல் பிரித்தால் ஒரு நாளைக்கு ஒரு இலட்சம். 26 இலட்சத்து 52 ஆயிரத்தை 26ஆல் பிரித்தால் ஒரு நாளைக்கு ஒரு இலட்சத்து 2 ஆயிரம். மாதத் தொகை இறங்கியிருக்கிறது. திறந்திருந்த ஒவ்வொரு நாளும் சராசரியாக 2 ஆயிரம் கூடியிருக்கிறது. கடை விழவில்லை. ஒரு நாள் பூட்டிக் கிடந்தது, அவ்வளவுதான்.

இதோடு நிறுத்தினால் நாங்களும் அரைக் கணக்குத்தான் போட்டவர்களாவோம். எல்லா நாளும் ஒரே நாள் இல்லை. வியாழன் பின்னேரம் இருக்கிற சனம் செவ்வாயில் இராது. ஆகவே எத்தனை நாள் குறைந்தது என்பதோடு, எந்தக் கிழமை குறைந்தது என்றும் பார்க்க வேண்டும். இந்த இரண்டு ஒக்டோபர்களிலும் புதனும் வியாழனும் ஐந்தைந்து தடவை வந்தன. மாறியது ஒன்றே ஒன்று: ஐந்தாவது செவ்வாய் போய், ஐந்தாவது வெள்ளி வந்தது. அந்தக் கடையில் செவ்வாய் மந்தம், சராசரியாக 80 ஆயிரம்தான் விற்கும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால், வியாபாரம் கூடாமலும் குறையாமலும் போயிருந்தால் இந்த ஒக்டோபரில் 26 இலட்சத்து 20 ஆயிரம் வந்திருக்க வேண்டும். வந்தது 26 இலட்சத்து 52 ஆயிரம். உண்மையான கூடுதல் 32 ஆயிரம், அதாவது நூற்றுக்கு ஒன்றே கால் அளவு. நாள் சராசரி காட்டிய நூற்றுக்கு இரண்டை விடக் குறைவு, ஆனால் இறக்கம் இல்லை.

பெருமைப்படவும் அவசரப்பட வேண்டாம். ஒரு வருஷத்தில் சாமான்களின் விலை ஏறியிருந்தால், அதே அளவு சாமான் விற்றாலும் தொகை கூடித்தான் தெரியும். பில் எத்தனை எழுதப்பட்டது, மூடை எத்தனை போனது என்று பார்த்தால்தான் அது விளங்கும். இன்னொன்று, அரிசி வாங்க வந்தவர் வெள்ளி கடை பூட்டியிருந்தால் சனிக்கிழமை வந்து வாங்குவார். அந்த விற்பனை முழுதாகத் தொலைவதில்லை. தேநீர்க் கடையில் அன்று குடிக்காத தேநீரை மறுநாள் யாரும் சேர்த்துக் குடிக்கப் போவதில்லை. எவ்வளவு கழிப்பது என்பது கடைக்குக் கடை மாறும்.

இது கடை முதலாளிமாரின் விஷயம் மட்டுமல்ல. நம் பிள்ளைகள் பலர் கம்பனிகளுக்கு விற்பனைப் பிரதிநிதிகளாக ஓடுகிறார்கள். அவர்களின் மாத இலக்கைப் போன வருஷ விற்பனையைப் பார்த்துக் கொழும்பில் வைத்து நிர்ணயிப்பவர், ஞாயிறை விடுமுறையாகக் கழித்துத்தான் நாள் எண்ணுவார். இரண்டு ஒக்டோபரிலும் ஞாயிறு நான்குதான். அவருடைய மேசையில் 27க்கு 27, வித்தியாசமே இல்லை. நம் ஊரில் வெள்ளி பூட்டும் கடைகளுக்குச் சாமான் போடுகிற பிள்ளைக்கு ஒரு நாள் காணாமல் போயிருக்கிறது. அதனால் இலக்குத் தவறினால் கொமிஷனும் போகும். இப்படியான மாதத்தில் அந்தப் பிள்ளைகள் மாதத் தொடக்கத்திலேயே கலண்டரைப் படம் எடுத்து மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும் என்பது எங்கள் கருத்து. மாதம் முடிந்த பிறகு சொன்னால் அது சாட்டு. முதலில் சொன்னால் அது கணக்கு.

நாள் எண்ணிக்கை சமமாக இருந்தும் ஒப்பிட முடியாத மாதங்களும் உண்டு. நமக்கு அது பெருநாள் மாதம். 2024இல் நோன்பு மார்ச் 12இல் தொடங்கி, பெருநாள் ஏப்ரல் 10இல் வந்தது. 2025இல் மார்ச் 2இல் தொடங்கி, மார்ச் 31இல் பெருநாள். புடவைக் கடைக்குக் கடைசிப் பத்துத்தான் உயிர். அது 2024இல் ஏறத்தாழ முழுதும் ஏப்ரலில், 2025இல் முழுதும் மார்ச்சில். மார்ச்சை மார்ச்சோடு வைத்தால் வியாபாரம் பறக்கிற மாதிரித் தெரியும். ஏப்ரலை ஏப்ரலோடு வைத்தால் கடையை இழுத்து மூட வேண்டும் போலிருக்கும். இரண்டுமே பொய். வெள்ளிகளைக் கழித்து நாள் எண்ணுவதும் இங்கே உதவாது, பெருநாள் நெருங்கினால் வெள்ளியும் திறப்பவர்கள் இருக்கிறார்கள். இங்கே மார்ச்சையும் ஏப்ரலையும் சேர்த்து, இரண்டு மாதத் தொகையை இரண்டு மாதத் தொகையோடு பாருங்கள். அல்லது முதல் நோன்பிலிருந்து பெருநாள் வரை தனிக் கணக்கு வையுங்கள். இரண்டு வருஷமும் 29 நோன்புதான், அழகாகப் பொருந்தும்.

கலண்டரில் இல்லாத பூட்டல்களும் உண்டு. 2024 நவம்பர் கடைசியில் வந்த வெள்ளத்தை நாம் யாரும் மறக்கவில்லை. ஆனால் உங்கள் கடை அந்தக் கிழமையில் சரியாக எத்தனை நாள் பூட்டியிருந்தது என்று இன்று சொல்ல முடியுமா? எழுதி வைத்திராவிட்டால் முடியாது. அந்த நவம்பரோடு ஒப்பிடும்போது, வெள்ளத்தில் போன நாட்களை மறந்துவிட்டு "இந்த வருஷம் நல்ல ஏற்றம்" என்று கடன் வாங்கிச் சரக்கு இறக்குகிறவரும் வருவார். குறைவைப் பார்த்துப் பயப்படுவது போலவே இதுவும் ஆபத்து.

ஆகவே கணக்குக் கொப்பியில் ஒவ்வொரு மாதத்தின் தலைப்பிலும் ஒரு வரி கூட்டுங்கள்: திறந்த நாள் எத்தனை, பூட்டியது எந்தத் தேதிகளில், ஏன். அடுத்த வருஷம் அந்த வரிதான் பேசும்.

அந்தப் பிள்ளைக்கு இரண்டு ஒக்டோபரையும் ஒரு தாளில் பக்கத்துப் பக்கமாக வரைந்து, வெள்ளிகளைச் சிவப்பால் வட்டமிட்டுக் கொடுத்திருக்கிறோம். முதலாளியிடம் மரியாதையாகக் காட்டச் சொன்னோம். ஆளைக் குறைப்பதா இல்லையா என்பது அவருடைய முடிவு. அதை ஒரு செவ்வாய்க்கிழமையின் தலையில் கட்ட வேண்டாம் என்பதுதான் எங்கள் வேண்டுகோள்.