120 மணி நேரத்தை எவ்வாறு எண்ணுவது?

காந்தியடிகளின் நூற்றாண்டான 1969இல், செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பெற்றது. அதன் சான்றிதழுக்குரிய நிபந்தனை எளியது. ஒரு தொண்டர் ஆண்டுக்கு 120 மணி நேரமாக இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் வழக்கமான பணிகளில் ஈடுபட வேண்டும்; ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்றிலும் பங்கேற்க வேண்டும். விதியில் குழப்பம் இல்லை. அந்த 120 மணி நேரம் எப்படி எண்ணப்படுகிறது என்பதில்தான் அநீதி நுழைகிறது.

பல கல்லூரிகளில் நிகழ்ச்சி தொடங்கும்போது ஒரு தாள் சுற்றி வரும், வந்தவர்கள் கையொப்பமிடுவார்கள். அழைப்பிதழில் காலை 9 முதல் பிற்பகல் 1 வரை என்றிருந்தால், கையொப்பமிட்ட அனைவருக்கும் நான்கு மணி நேரம் எழுதப்படும். இங்கே அளக்கப்படுவது நிகழ்ச்சியின் நீளம். தொண்டரின் உழைப்பு அளக்கப்படவே இல்லை.

ஓர் இரத்ததான முகாமை எடுத்துக்கொள்வோம். ஒரு மாணவி காலை 7.15க்கு வந்து மேசைகளை அடுக்குகிறார், கொடையாளர் படிவங்களை நிரப்ப உதவுகிறார், கொடையளித்தவர்களுக்குப் பழச்சாறு தந்து அமர வைக்கிறார், இறுதியில் கூடத்தைத் துப்புரவு செய்துவிட்டு 3.00 மணிக்குக் கிளம்புகிறார். உணவுக்கான அரை மணியைக் கழித்தால் அவர் உழைத்தது 7 மணி 15 நிமிடம். ஒரு மாணவர் 9.05க்கு வந்து கையொப்பமிட்டு, குழுப் படத்தில் நின்றுவிட்டு 9.50க்குப் போய்விடுகிறார். அவர் இருந்தது 45 நிமிடம். பதிவேட்டிலோ இருவருக்கும் நான்கு மணி நேரம். மாணவி இழந்தது 3 மணி 15 நிமிடம். மாணவர் பெற்றதும் அதே 3 மணி 15 நிமிடம்.

இந்தப் பிழை ஏன் ஆண்டுக்கணக்கில் யார் கண்ணிலும் படுவதில்லை என்பதற்கான விடையும் இக்கணக்கிலேயே இருக்கிறது. இருவரின் நேரத்தையும் கூட்டினால் உண்மையிலும் எட்டு மணி நேரம், பதிவேட்டிலும் எட்டு மணி நேரம். ஒருவரின் இழப்பும் மற்றவரின் ஆதாயமும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுவதால், அலகின் மொத்த மணி நேரத்தைக் காட்டும் ஆண்டறிக்கை ஏறத்தாழச் சரியாகவே அமைந்துவிடுகிறது. மேலிடத்திலிருந்து சரிபார்க்கிறவர் பார்ப்பது அந்த மொத்தத்தை மட்டுமே. சான்றிதழ் வழங்கப்படுவதோ தனியாளுக்கு. இத்தகைய நிகழ்ச்சிகள் பத்து நடந்தால் அந்த மாணவி இழப்பது 32 மணி 30 நிமிடம். ஆண்டு நிபந்தனையில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல்.

ஆகவே பதிவின் அடிப்படை அலகு நிகழ்ச்சியாக இருத்தல் ஆகாது. ஒரு நிகழ்ச்சியில் ஒரு தொண்டருக்கு ஒரு வரி. அதில் நாள், நிகழ்ச்சி, பதிவு எண், வந்த நேரம், சென்ற நேரம், இடைவேளை நிமிடங்கள், நிகர நிமிடங்கள், பணியின் வகை. சென்ற நேரத்தை அந்த இடத்திலேயே, அன்றே, பொறுப்பாளர் ஒருவர் எழுதிக் கையொப்பமிட வேண்டும். மூன்று வாரம் கழித்து நினைவிலிருந்து எழுதப்படும் நேரம் எப்போதும் முழு எண்ணாகவே இருக்கும். ஒரு தாளில் எல்லாரும் சரியாக 1.00 மணிக்கே கிளம்பியிருந்தால், அது பிற்பாடு நிரப்பப்பட்ட தாள் என்று ஐயுறலாம். வருகைக்கு மட்டும் கியூஆர் குறியீடு வைப்பதும் பழைய தாளின் புதிய வடிவமே. குறியீட்டின் படம் வாட்சாப்பில் விடுதி அறைவரை பயணம் செய்யும். குழுப் படத்தைச் சான்றாகக் கொள்வதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். படம் எடுக்கும் நேரத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பவர் அதில் இருக்கமாட்டார்.

பெயரைத் திறவுகோலாகக் கொள்ளாமல் பதிவு எண்ணைக் கொள்வதற்குக் காரணம் உண்டு. நூறு பேர் கொண்ட ஓர் அலகில் ஒரே பெயருடைய இருவர் இருப்பது இயல்பு. ஒரே பெயரை நான்கு விதமாக எழுதுவது அதனினும் இயல்பு. கூட்டுத்தொகையை யாரும் கையால் எழுதக் கூடாது. அது வரிகளிலிருந்தே பிறக்க வேண்டும். `Log` என்ற தாளில் C நெடுவரிசையில் பதிவு எண்ணும், G-இல் நிகர நிமிடங்களும், H-இல் பணி வகையும் இருந்தால், A2-இல் உள்ள தொண்டரின் வழக்கமான பணி நேரத்தை இந்த ஒரு வரி தந்துவிடும்:

```
=SUMIFS(Log!G:G, Log!C:C, A2, Log!H:H, "R")/60
```

இதில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. பதிவு எண்ணில் ஓர் இலக்கம் தவறினால் அந்த வரி எவருடைய கணக்கிலும் சேராமல் போகலாம். எந்த எச்சரிக்கையும் வராது. எனவே தொண்டர்கள் அனைவரின் கூட்டுத்தொகையும் `Log` தாளில் R என்று குறித்த வரிகளின் கூட்டுத்தொகையும் ஒன்றாக இருக்கின்றனவா என்று மாதந்தோறும் பார்க்க வேண்டும். வேறுபட்டால், உரியவரைச் சேராத உழைப்பு எங்கோ கிடக்கிறது என்று பொருள்.

பணி வகையைத் தனியே குறிப்பது சிறப்பு முகாமின் பொருட்டு. ஏழு நாளை இருபத்து நான்கால் பெருக்கினால் 168 மணி நேரம்; உறங்கிய நேரத்தையும் சேர்த்து ஒரே வாரத்தில் ஆண்டின் இலக்கையே தாண்டிவிடலாம். இந்தக் குறுக்குவழி ஆசை காட்டக்கூடியது. ஆனால் முகாமும் 120 மணி நேரமும் வெவ்வேறு நிபந்தனைகள். இரண்டையும் கலந்தால், ஆகஸ்டு 15 முதல் ஜனவரி 25 வாக்காளர் நாள் வரை ஒவ்வொரு பணிக்கும் வந்தவரும் முகாமுக்கு மட்டும் வந்தவரும் ஒன்றாகிவிடுவர்.

முந்தைய மாலையின் ஆயத்த வேலை, கல்லூரி வண்டியில் கிராமத்துக்குச் செல்லும் நேரம் ஆகியவற்றைச் சேர்ப்பதா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆயத்த வேலையைச் சேர்ப்பதே முறை, அதுவும் பணியே. பயண நேரத்தைச் சேர்க்காமல் விடலாம். எப்படி முடிவு செய்தாலும் அது ஆண்டின் தொடக்கத்தில் எழுதி ஒட்டப்பட்டிருக்க வேண்டும். பிப்ரவரியில், இன்னார் எவ்வளவு பின்தங்கியிருக்கிறார் என்று தெரிந்த பிறகு எடுக்கப்படும் முடிவு அந்த ஆளைப் பார்த்து எடுக்கப்படும் முடிவாகிவிடும்.

திட்ட அலுவலர்கள் பெரும்பாலோர் முழுநேர ஆசிரியர்கள். நூறு பேரின் நேரத்தை ஒருவரே எழுதுவது இயலாத காரியம் என்பது நியாயமான மறுப்பு. எழுதும் வேலையை நிகழ்ச்சிதோறும் இரண்டு தொண்டர்களுக்குச் சுழற்சி முறையில் தரலாம். அவர்களின் அந்த நேரமும் பணி நேரமே. தம் வரியைத் தாமே எழுதக் கூடாது என்ற ஒரு கட்டுப்பாடு போதும். சரிபார்க்கும் பொறுப்பில் பெரும்பகுதியைத் தொண்டர்களிடமே விடலாம்: ஒவ்வொரு மாத முடிவிலும் அவரவர் வரிகள் அவரவர்க்குக் காட்டப்பட்டு, பத்து நாளுக்குள் திருத்தம் கோரலாம் என்றிருந்தால், விடுபட்டதை முதலில் கண்டுபிடிப்பவர் அதை இழந்தவராகவே இருப்பார். தம் பணிக்குறிப்பேட்டை ஒழுங்காக எழுதியவருக்கு அப்போது கையில் ஆதாரமும் இருக்கும்.

இதன் பெரும்பயன், ஆறு மணிக்குள் விடுதிக்குத் திரும்ப வேண்டிய மாணவியருக்கும், மாலையில் கடையில் வேலை பார்த்துப் படிக்கும் மாணவருக்கும் கிடைக்கும். மாலை நிகழ்ச்சிகளாகவே அமைந்துவிட்ட ஒரு பருவத்தில் அவர்கள் 40 மணி நேரத்தில் நிற்பது அக்டோபரிலேயே தெரிந்தால், காலைப் பணிகளை ஏற்பாடு செய்ய இன்னும் காலம் இருக்கும். மார்ச்சில் தெரிந்தால் இரண்டே வழிகள்: சான்றிதழை மறுப்பது, அல்லது இரக்கப்பட்டு எண்ணை உயர்த்துவது. 118-ஐ 120 ஆக்குவது சிறிய கருணைபோல் தோன்றும். 112இல் நின்று, கேட்கக் கூச்சப்பட்ட மற்றொருவருக்கு அந்தக் கருணை எட்டுவதில்லை. 120ஐ எட்டாத அனைவரையும் பெயர் சொல்லி அழைத்து, பிப்ரவரியில் இரண்டு சனிக்கிழமைகளில் பணி நாள் வைத்து, அதிலும் வந்த நேரத்தையும் சென்ற நேரத்தையும் எழுதி முடிப்பது திட்ட அலுவலரால் இயலக்கூடிய காரியமே.