ராமனின் கடிதம் ஒரே ஸ்லைடில்



காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, ஸ்ரீரங்கத்தை அடுத்திருக்கும் திருவானைக்காவலில் 1888-ஆம் ஆண்டு பிறந்தவர் சர் சி. வி. ராமன். அதனால்தானோ என்னவோ, ஓர் ஆய்வுக் கட்டுரையைக் கேள்வி, முறை, முடிவு, பொருள் என்று நான்கு கட்டங்களாக ஒரே ஸ்லைடில் சுருக்கச் சொன்னால், திருச்சி மாணவர்கள் பலர் ராமன் விளைவையே எடுத்துக்கொள்கிறார்கள். நான் பார்த்த ஸ்லைடுகளில் தலைப்பாகையுடன் ராமனின் படம் இருக்கும். 1930-இல் கிடைத்த நோபெல் பரிசு இருக்கும். கட்டுரைதான் இருக்காது!

அந்தக் கட்டுரை ஒரு சிறு கடிதம். ராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் கல்கத்தாவிலிருந்து 1928 பிப்ரவரி 16-ஆம் தேதியிட்டு எழுதியது. மார்ச் 31-ஆம் தேதி 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. ஸ்லைடின் தலைப்பில் இருவர் பெயரையும் எழுதுங்கள். கிருஷ்ணனை விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது.

கேள்வி எளிது. எக்ஸ் கதிர்கள் சிதறும்போது அவற்றில் ஒரு பகுதியின் அலைநீளம் மாறுவதைக் காம்ப்டன் கண்டிருந்தார். நாம் கண்ணால் காணும் ஒளியிலும் அப்படி நடக்குமா? ஒரே வரியில் முடித்துவிடலாம்.

முறைக்குத்தான் அதிக இடம் தரவேண்டும் என்பது என் கட்சி. பலர் இங்கே 'சூரிய ஒளியைத் திரவத்தில் செலுத்தினார்கள்' என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். இதைப் படித்து யாராவது முடிவை நம்ப முடியுமா? உண்மையில் நடந்ததைப் பாருங்கள். தொலைநோக்கியின் 18 செ.மீ. அகலமுள்ள லென்ஸ் ஒன்றாலும், மற்றொரு லென்ஸாலும் சூரிய ஒளியைக் குவித்துத் தூய திரவத்தில் பாய்ச்சினார்கள். ஒளி செல்லும் பாதை திரவத்துக்குள் ஒரு தடமாகத் தெரியும். ஒளி வரும் வழியில் நீல ஊதா வடிப்பானையும் மஞ்சள் பச்சை வடிப்பானையும் சேர்த்து வைத்தார்கள். ஒன்று விடும் நிறத்தை மற்றது தடுத்துவிடும். தடம் அடியோடு மறைந்தது. பிறகு மஞ்சள் பச்சை வடிப்பானை மட்டும் எடுத்து, திரவத்துக்கும் கண்ணுக்கும் நடுவே வைத்தார்கள். இப்போது திரவத்துக்குள் போவது நீல ஊதா ஒளி மட்டுமே. சிதறிய ஒளியும் அதே நிறமாக இருந்தால் கண்முன் உள்ள வடிப்பான் அதைத் தடுத்திருக்கும். ஆனால் தடம் மீண்டும் தெரிந்தது!

இதில் முதல் படியை இடம் போதவில்லை என்று வெட்டிவிடாதீர்கள். வடிப்பான்களில் கசிவு இல்லை என்பதற்கு, தடம் முதலில் மறைந்ததுதான் சாட்சி. அதை வெட்டினால், 'உங்கள் வடிப்பான் மட்டமானது' என்று ஒருவர் சொன்னால் பதில் இராது. லென்ஸின் குவியத் தொலைவையும் கடிதம் தருகிறது, அதை விட்டுவிடலாம்.

முடிவு: ஏறக்குறைய 60 திரவங்களைச் சோதித்தார்கள், கூடியோ குறைந்தோ எல்லாவற்றிலும் இவ்விளைவு தெரிந்தது. இங்கே ஒரு கேள்வி எழும். சில பொருள்கள் ஒரு நிற ஒளியை வாங்கி வேறு நிறத்தில் ஒளிரும்; அதற்குப் புளோரசென்ஸ் என்று பெயர். இதுவும் அதுதானோ? இல்லை என்பதற்குக் கடிதம் இரண்டு காரணங்கள் சொல்கிறது. இந்த ஒளி சாதாரணச் சிதறலைவிட மிக மங்கலானது. பல திரவங்களில் இது வலுவாகத் தளவிளைவும் அடைந்திருந்தது. இந்த வரிக்கு ஸ்லைடில் கட்டாயம் இடம் வேண்டும்.

கடைசிக் கட்டமான பொருளில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். 'இதனால் மூலக்கூறுகளை அடையாளம் காணலாம்' என்று எழுதுகிறார்கள். அது உண்மைதான், ஆனால் இந்தக் கடிதத்தில் இல்லை. பாதரச விளக்கைக் கொண்டு கண்ட தனித்தனி நிறமாலைக் கோடுகளும் இதில் இல்லை. அவை ஏப்ரல் 21-ஆம் தேதி இதழில், ராமன் மட்டும் எழுதிய அடுத்த கடிதத்தில் வந்தவை. ஒரு கட்டுரையைச் சுருக்கும்போது அது சொன்ன அளவோடு நிற்கவேண்டும். பின்னால் வந்ததைச் சொல்ல ஆசையிருந்தால் ஸ்லைடின் அடியில் தனியாக, ஆண்டுடன் எழுதுங்கள்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

கேள்வி: எக்ஸ் கதிரைப் போலச் சாதாரண ஒளியும் சிதறும்போது அலைநீளம் மாறுமா?

முறை: குவித்த சூரிய ஒளி, தூய திரவம். இரு வடிப்பான்களும் ஒளியின் வழியில்: தடம் இல்லை. மஞ்சள் பச்சை வடிப்பான் கண்முன் மாறியதும்: தடம் தெரிகிறது.

முடிவு: சுமார் 60 திரவங்களிலும் தெரிந்தது. மிக மங்கல், பலவற்றில் வலுவான தளவிளைவு, ஆகவே புளோரசென்ஸ் அன்று.

பொருள்: சிதறிய ஒளியில் அதிர்வெண் குறைந்த ஒரு பகுதியும் உண்டு.

மீதியிடத்தில் வடிப்பான்களின் இரண்டு நிலைகளையும் கோட்டுப் படமாக வரையுங்கள். ராமனின் புகைப்படத்துக்கு இடம் இருக்காது. அவரும் கோபித்துக்கொள்ளமாட்டார் என்றே நினைக்கிறேன்.