கடைசிப் பேருந்து எந்த நாளைச் சேர்ந்தது?

சிங்கப்பூரில் பேருந்து நிறுத்தத்துத் தகவல் பலகையைப் படம் எடுத்து அட்டவணையாக்குவது ஐந்து நிமிட வேலை என்றுதான் பலரும் நினைக்கிறோம். படத்திலிருந்து எழுத்துகளைப் பிரித்தெடுக்கும் வசதி கைபேசியிலேயே இருக்கிறதே! ஆனால் அப்படி உருவாகும் அட்டவணையை நம்பி இரவில் யாரையும் வீட்டுக்கு அனுப்ப முடியாது என்பது என் கருத்து.

ஒரு சேவைக்குப் பலகையில் ஆறு நேரங்கள் இருக்கும். வார நாள், சனி, ஞாயிறும் பொது விடுமுறையும் என மூன்று பிரிவுகள். ஒவ்வொன்றிலும் முதல் பேருந்து, கடைசிப் பேருந்து. ஞாயிறு ஓடாத சேவைக்கு அங்கே வெறும் கோடுதான். கைபேசி அந்தக் கோட்டை விட்டுவிட்டால் அடுத்த சேவையின் நேரம் நகர்ந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். பார்ப்பதற்கு எல்லாம் சரியாகவே தெரியும். ஆகவே ஒவ்வொரு வரிசையிலும் கோட்டையும் சேர்த்து ஆறு இருக்கிறதா என்று முதலில் எண்ணுங்கள்.

அடுத்தது பூஜ்யம். 0545 என்பதை எக்செல் 545 ஆக்கிவிடும். 01012 போன்ற நிறுத்தக் குறியீடும் 1012 ஆகிவிடும். ஒட்டுவதற்கு முன்பே அந்தக் கட்டங்களை ‘எழுத்து’ வகைக்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

உண்மையான சிக்கல் நள்ளிரவில்தான். ஒரு பலகையில் வார நாளுக்கு முதல் பேருந்து 0545, கடைசிப் பேருந்து 0012 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். நேர வாரியாக அடுக்கினால் கடைசிப் பேருந்து முதலில் வந்து நிற்கும். அதைவிட மோசம், வெள்ளி இரவு 12.05க்கு ஒருவர் அட்டவணையைத் திறப்பது. நாள்காட்டியில் அது சனிக்கிழமை. அவர் சனிப் பத்தியைப் பார்ப்பார். ஆனால் அந்த 0012 வெள்ளியின் ஓட்டத்தைச் சேர்ந்தது, வார நாள் பத்தியில் இருக்கிறது. சனிப் பத்தியின் கடைசி நேரம் 0025 என்றால், அதை நம்பி அவர் மெதுவாக நடந்து வருவார்.

போக்குவரத்துத் தரவுகளில் இதற்கு ஒரு பழைய வழக்கம் உண்டு: 0012ஐ 24:12 என்று எழுதுவது. பலகையில் உள்ளதை B பத்தியில் அப்படியே வைத்துவிட்டு, பக்கத்தில் இதைப் போடலாம்:

```
=IF(LEFT(B2,2)<"04",LEFT(B2,2)+24,LEFT(B2,2))&":"&RIGHT(B2,2)
```

கோடு உள்ள கட்டத்துக்கு மட்டும் இதைப் போடாதீர்கள். பத்தித் தலைப்பிலும் ‘சனி’ என்று நிறுத்தாமல் ‘சனி காலை முதல் ஞாயிறு விடியற்காலை வரை’ என்று எழுதலாம். நீளம்தான், ஆனால் யாரும் குழம்ப மாட்டார்கள்.

சரிபார்ப்பதும் சுலபம். நிலப் போக்குவரத்து ஆணையம் பொதுவில் வெளியிடும் வழித்தடத் தரவில் `WD_LastBus`, `SAT_LastBus`, `SUN_LastBus` என்றே பத்திகள் இருக்கின்றன. உங்கள் அட்டவணையும் அதுவும் ஒத்துப்போகாத இடத்தில், எடுத்த படத்தைப் பெரிதாக்கி மறுபடி பாருங்கள். பெரும்பாலும் 6ம் 8ம் குழம்பியிருக்கும். இல்லையென்றால் பலகை பழையதாக இருக்கலாம். படம் எடுத்த தேதிக்கும் ஒரு பத்தி வேண்டும் என்று நான் சொல்வது அதற்காகத்தான்.