சுவருக்கு அப்பால் ஓர் அழுகை: ‘மலையன்குஞ்ஞு’வும் ஓரிடத் திரைப்படங்களும்

ஒரே அறைக்குள் அல்லது ஓரிரு மாந்தர்களுடன் நிகழும் திரைப்படங்களில் இடம் சுருங்கச் சுருங்கப் பதற்றம் கூடும் என்பது பரவலான கருத்து. இது பாதி உண்மையே. சுவர்கள் பார்வையைத் தடுக்கின்றன, செவியைத் தடுப்பதில்லை. காணமுடியாத ஒன்றைக் கேட்டுக்கொண்டே இருக்க நேரும்போதுதான் பார்வையாளர் நிலைகொள்ளாமல் தவிக்கிறார். தமிழ்ச் சுட்டெழுத்துகளைக் கொண்டு சொல்வதானால், திரையில் ‘இங்கு’ மட்டுமே காட்டப்படுகிறது. ‘அங்கு’ ஒலியாக மட்டுமே வந்து சேர்கிறது. இவ்வகைப் படங்களின் இறுக்கம் இவ்விரண்டுக்கும் இடையிலான தொலைவில் பிறக்கிறது.

பார்த்திபனின் ‘ஒத்த செருப்பு சைஸ் 7’ (2019) இதற்குத் தெளிவான சான்று. காவல் நிலையத்தில் விசாரிக்கப்படும் மாசிலாமணி ஒருவனே திரையில் தெரிகிறான். விசாரிப்போர் அனைவரும் குரல்களாகவே இருக்கின்றனர். யார் அருகில் நிற்கிறார், யார் விலகிச் செல்கிறார் என்பதைப் பார்வையாளர் ஒலியைக் கொண்டே கணிக்க வேண்டியிருக்கிறது. இப்படத்தின் ஒலிக்கலவைக்காக ரசூல் பூக்குட்டி தேசிய விருது பெற்றது தற்செயலன்று. அறையின் மற்ற மாந்தர்களைப் படைத்தது அந்த ஒலிதான்.

இடுக்கி மலைப்பகுதியைக் களமாகக் கொண்ட ‘மலையன்குஞ்ஞு’ (2022) இதே வழியை வேறொரு தளத்திற்குக் கொண்டு செல்கிறது. மகேஷ் நாராயணன் எழுதி, சஜிமோன் பிரபாகர் இயக்கிய படம் இது. மின்னணுக் கருவிகளைப் பழுதுபார்க்கும் அனிக்குட்டனாக ஃபகத் ஃபாசில் நடித்திருக்கிறார். அனிக்குட்டனின் தங்கை தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்தவரை மணக்கச் சென்றதும், அதையொட்டித் தந்தை உயிரை மாய்த்துக்கொண்டதும் அவனுக்குள் சாதி வெறுப்பாக இறுகியிருக்கின்றன. அண்டை வீட்டுக் கைக்குழந்தையின் அழுகை அவனுக்குப் பொறுக்க முடியாத தொல்லை. பிறகு மலை சரிகிறது. மண்ணுக்கடியில், இருளில், உடலைத் திருப்பவும் இடமின்றிக் கிடக்கும் அவனுக்கு அதே அழுகை மீண்டும் கேட்கிறது.

முதற்பாதியில் அந்த ஒலியைப் பலமுறை கேட்கவைப்பதன் பயன் இங்கே விளங்குகிறது. பார்வையாளரின் செவி அதற்குப் பழகிவிட்டதால், இருளில் யாரும் விளக்காமலே அது யாருடைய குரல் என்று தெரிந்துவிடுகிறது. முன்பு அழுகை கேட்டது எரிச்சல். இப்போது அது நின்றுவிடுவதே அச்சம். ஒலி மாறவில்லை, அதைக் கேட்பவனின் நிலை மாறியிருக்கிறது.

படத்தின் தளர்ச்சியும் இதே இடத்தில்தான் தொடங்குகிறது. அனிக்குட்டன் இடிபாடுகளினூடே வழிகண்டு நகரத் தொடங்கியதும் இடத்தின் எல்லை தெளிவற்றுப் போகிறது. எவ்வளவு தூரம், எத்திசை என்பது புலப்படாதபோது ‘இங்கு’ கரைகிறது. அதனுடன் ‘அங்கு’ம் வலுவிழக்கிறது. அடைபட்ட இடத்தின் அளவைப் பார்வையாளர் மனத்தில் வைத்திருக்கும் வரைதான் ஒவ்வொரு அங்குல நகர்வும் பொருள்படும். எல்லை கலைந்தபின் எஞ்சுவது வழக்கமான மீட்புக் கதை. ஒரு குழந்தையைக் காப்பாற்றுவதன்வழி சாதி வெறுப்பும் கழுவப்பட்டுவிடுவது, கதை தனக்குத் தேடிக்கொண்ட எளிய வெளியேற்றம் என்றே தோன்றுகிறது.

இடுக்கியின் தமிழர்களுக்கு இந்த அடைபட்ட இடம் திரைப்பட உத்தி மட்டுமன்று. 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறை அடுத்த ராஜமலையின் பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயங்களை மூடியது. எழுபது பேர் மாண்டனர், பெரும்பாலோர் தமிழர். தொலைத்தொடர்பு செயலிழந்திருந்ததால் செய்தி வெளியுலகை அடையவே விடிந்துவிட்டது. குரல் எழுப்பியவர்கள் இருந்திருக்கக்கூடும். அக்குரல் வெளியுலகை எட்டவில்லை. ‘மலையன்குஞ்ஞு’வின் இறுக்கம் அழுகை கேட்பதில் இருக்கிறது, பெட்டிமுடியின் துயரம் கேட்கப்படாததில் இருக்கிறது.

லயம் என்பது ஒரே கூரையின்கீழ் வரிசையாக அமைந்த வீடுகள். ஒரு குடும்பத்தின் சுவரே அடுத்த குடும்பத்தின் சுவர். அடுத்த வீட்டு இருமலும் சண்டையும் தாலாட்டும் அங்கே அன்றாடம் கேட்பவை. ஓரறைப் படம் முயன்று உருவாக்கும் ஒலிச்சூழல் அங்கே ஏற்கெனவே இருக்கிறது. ஆயினும் இடுக்கியில் எடுக்கப்படும் படங்களுக்குத் தேயிலைச் சரிவு பெரும்பாலும் பசுமைப் பின்னணியாகவே போதுமானதாக இருக்கிறது. கேமரா அந்தச் சரிவிலிருந்து இறங்கி லயத்தின் ஓரறைக்குள் நுழையுமானால், பதற்றத்தை உருவாக்க நிலச்சரிவுகூடத் தேவைப்படாது. பொதுச் சுவரின் மறுபுறம் வழக்கமாகக் கேட்கும் ஓர் இருமல் ஓரிரவு கேட்காமற்போனால் போதும்.